இரண்டு மணி நேர ஊர்க்கூட்டப் பதிவை ஒரு பக்க அறிவிப்பாக்குவது எப்படி?

வரப்போரம் எழுதியது (ஞாயிறு, ஜூன் 8, 2025, காலை)

எங்கள் கிராம மன்றக் கூட்டம் நேற்று, சனிக்கிழமை நடந்தது. வேலைக்குப் போனவர்கள், உடம்பு முடியாதவர்கள், வெளியூரில் இருப்பவர்கள் என்று வராதவர்கள் நிறைய. அவர்களுக்காக ஒரு அறிவிப்பு எழுதித் தரும்படி தலைவர் என்னிடம் கேட்டிருக்கிறார். செயலர் எழுதும் நடவடிக்கைக் குறிப்பு தனி. அது அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வெளியே வரும். என்னுடையது அறிவிப்புப் பலகையிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவதற்கு.

கையில் 2 மணி 11 நிமிட ஒலிப்பதிவு இருக்கிறது. மேசை நடுவில் ஒரே ஒரு கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தது. கேட்டுக் கேட்டு எழுதியதில் நான்கு பக்கம் வந்திருக்கிறது. யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக இருக்கிறது, ஆனால் பலகை முன் நின்று நான்கு பக்கம் யார் படிப்பார்கள்? எதை வைப்பது, எதை விடுவது என்று பிடிபடவில்லை. பேசியதை வெட்டினால் "நான் சொன்னதை விட்டுட்டியே" என்று கேட்பார்களோ என்றும் இருக்கிறது. இப்படி எழுதிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

---

நேர்கோடு எழுதியது

ரொம்ப யோசிக்காதீங்க. எல்லாக் கூட்டத்திலும் கடைசியில் செயலர் எழுந்து "இன்னிக்கு முடிவானது இது இது"ன்னு தொகுத்துச் சொல்வார். அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் கேட்டு அப்படியே எழுதிடுங்க. பேச்செல்லாம் வேண்டாம், முடிவுதான் வேணும். ஒரு பக்கத்துக்குள் வந்துடும்.

---

சாட்சிக்கூண்டு எழுதியது

ஒலிப்பதிவு ஆதாரம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு சொல் விடாமல் எழுதி, பேசியவர்களிடம் கையெழுத்து வாங்கி, பதிவின் நகலையும் இணைத்து வைக்க வேண்டும். சுருக்கினால் நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிற்காது.

---

வரப்போரம் எழுதியது

@சாட்சிக்கூண்டு, நான் கேட்டது அதில்லைங்க. முழுப் பதிவு மன்றத்திலேயே பத்திரமாக இருக்கிறது. கூட்டத்துக்கு வராதவர் அடுத்த சில நாளில் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுவதுதான் என் வேலை.

@நேர்கோடு, நீங்கள் சொன்னபடி கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி கேட்டேன். ஒரு இடம் உதைக்கிறது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவ மூன்று நாள் தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள். கடைசித் தொகுப்பில் செயலர் "திங்கள் முதல்" என்கிறார். நடுவில் வேறு நாள் பேசியதாக நினைவு. நாளைக்கே திங்கள்! எதை எழுதுவது?

---

பழைய எழுத்தர் எழுதியது

தம்பி, முதலில் அந்தத் தண்ணீர் விஷயத்தை முடியுங்கள். மற்றதற்கு அவசரமில்லை.

நேர்கோடு சொன்னதில் பாதி சரி. அறிவிப்புக்கு வேண்டியது முடிவுதான், பேச்சு இல்லை. ஆனால் முடிவைக் கடைசித் தொகுப்பில் தேடக் கூடாது. அந்தத் தொகுப்பைப் பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்னாலேயே தட்டச்சு செய்த பொருள்நிரலைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்கள். கூட்டத்தில் மாறியது அந்தத் தாளில் இருக்காது. எழுந்து நிற்கும்போது எல்லோரும் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், நாற்காலி இழுபடும், தப்பாகச் சொன்னாலும் யாரும் திருத்த மாட்டார்கள். நான் மன்ற அலுவலகத்தில் குறிப்பெழுதிய காலத்தில் அதிகம் பிசகியது இந்த இடத்தில்தான்.

முடிவு எங்கே பிறக்கிறது என்றால், தலைவர் ஒரு வாசகத்தைச் சொல்லி "சரிதானே?" என்று கேட்டு, கை தூக்கியோ "சரி, சரி" என்றோ சபை ஒப்புக்கொள்ளும் இடத்தில். அந்த நேரத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முன் ஐந்து நிமிடமும் பின் இரண்டு நிமிடமும் கேளுங்கள். அதன் பிறகு அதே பொருளை மறுபடி எடுத்து மாற்றினார்களா என்றும் பாருங்கள்.

தண்ணீர் பற்றிப் பேசிய இடங்களை மட்டும் நேரத்தோடு இங்கே போடுங்கள். வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம்.

---

வரப்போரம் எழுதியது

கேட்டுவிட்டேன் ஐயா. இதுதான் கிடைத்தது:

0:31 – தலைவர்: வருகிற திங்களிலிருந்து மூன்று நாள், காலை ஆறுக்கு நிறுத்தி மூன்றாம் நாள் மாலை ஆறுக்கு விடுவோம்.
0:44 – மேலத்தெருவுக்கு லாரி வருமா என்று ஒரு அம்மா கேட்கிறார். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை இரண்டு இடத்தில் நிற்கும் என்று பதில். ஒரு வீட்டுக்கு இருநூறு லிட்டரா அறுநூறு லிட்டரா, தெளிவாக இல்லை.
0:58 – ஒவ்வொரு தெருவாக நிறுத்தலாமே என்று ஒருவர். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
1:12 – பம்ப் பார்ப்பவர்: அடிவால்வு புதன்கிழமைதான் வந்து சேரும். தலைவர்: அப்ப வியாழன்ல ஆரம்பிச்சுடுவோம்.
1:14 – பம்ப் பார்ப்பவர் ஏதோ குளோரின் பற்றிச் சொல்கிறார், பின்னால் சத்தம்.
1:16 – தலைவர்: "வியாழன் முதல் மூணு நாள், நேரத்துல மாத்தமில்ல, சரிதானே?" சரி என்று நிறைய குரல்.
2:03 – செயலர் தொகுப்பு: திங்கள் முதல் தண்ணீர் நிறுத்தம்.

---

பழைய எழுத்தர் எழுதியது

1:16-தான் முடிவு. 0:31 முன்மொழிவு, 1:12 அதற்கான திருத்தம், 2:03 பழைய தாளைப் படித்தது. 0:58-இல் வந்தது யோசனை. அது ஏற்கப்படவும் இல்லை, தள்ளப்படவும் இல்லை, அறிவிப்பில் அதற்கு இடமில்லை.

ஆனால் நீங்களாக முடிவு செய்து எழுதிவிடாதீர்கள். அறிவிப்பு மன்றத்தின் பெயரில் போகிறது. செயலருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "1:16-இல் வியாழன் என்று சபை ஏற்றது. 2:03-இல் திங்கள் என்று வாசிக்கப்பட்டது. வியாழன், ஜூன் 12 என்று எழுதுகிறேன், உறுதி செய்யவும்." நேரத்தைக் குறிப்பிட்டால் அவர் இரண்டு நிமிடத்தில் கேட்டுப் பார்த்துவிடுவார். பொதுவாக "தேதியில் சந்தேகம்" என்று கேட்டால் தன் தாளைப் பார்த்து மறுபடி திங்கள் என்பார்.

உறுதியானதும் முழு அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். "நாளை தண்ணீர் நிற்காது, வியாழன்தான்" என்ற ஒரு செய்தி இன்று இரவே போகட்டும். கூட்டத்துக்கு வந்தவர்களே கடைசியில் திங்கள் என்று கேட்டுவிட்டுத்தானே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்!

---

நேர்கோடு எழுதியது

ஒத்துக்கிறேன், தாளைப் பார்த்துப் படிக்கிறது பற்றி நான் யோசிக்கலை. எங்க செயலர் கூட்டத்திலேயே எழுதி எழுதிச் சொல்ற ஆள், அதனால் எங்களுக்கு அது சரியா வந்துட்டு இருந்தது. ஆனாலும் முழுப் பதிவையும் உட்கார்ந்து கேட்கிறது யாருக்கும் ஆகாத காரியம்.

---

ஒலிக்கூடம் எழுதியது

முழுசா ஒரு தடவை கேட்டே ஆகணும், ஆனா வேகமா ஓட்டிக் கேட்கலாம். வி.எல்.சி.யில் `]` அழுத்தினா வேகம் கூடும், `[` குறையும். ஒன்றரை மடங்கு வரைக்கும் தமிழ்ப் பேச்சு நல்லாவே புரியும். ஏதாவது தேதி, எண், "சரிதானே" காதில் விழுந்தா `Shift+←` அழுத்துங்க, மூணு நொடி பின்னால போகும்.

சந்தேகமான பகுதியை மட்டும் தனியா வெட்டிச் செயலருக்கு அனுப்புங்க. 2 மணி நேரக் கோப்பை அனுப்பினா திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. கணினியின் கட்டளைச் சாளரத்தில் ffmpeg நிரலை வெச்சு இப்படி வெட்டலாம்:

```
ffmpeg -i kootam.mp3 -ss 01:10:00 -to 01:17:30 -c copy thanneer.mp3
```

மின்விசிறி இரைச்சல் அடியில் உறுமிட்டு இருந்தா, தாழ்ந்த ஒலியை வடிகட்டிக் கேட்டுப் பாருங்க. மறுபடி குறியாக்கம் பண்றதால இதில் `-c copy` வராது:

```
ffmpeg -i thanneer.mp3 -af "highpass=f=150" thelivu.mp3
```

இதனால் முணுமுணுப்பு தெளிவான பேச்சா மாறிடாது. இருநூறு, அறுநூறு மாதிரி சிக்கலுக்கு இது உதவலாம், உதவாமலும் போகலாம். முதல் எழுத்து இரைச்சலில் போயிட்டா எந்த வடிகட்டியும் அதைத் திருப்பிக் கொண்டு வராது.

---

பழைய எழுத்தர் எழுதியது

அந்த மாதிரி இடத்தில் எண்ணைச் சொன்னவரின் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது வீண். பத்தாவது முறை நாம் நினைப்பதுதான் காதில் விழும். அதற்கு அடுத்து மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். எண்ணுக்குப் பதில் சொல்பவர் அதை வேறு மாதிரி திருப்பிச் சொல்வார்.

---

வரப்போரம் எழுதியது

கிடைத்துவிட்டது ஐயா! 0:45-இல் அதே அம்மா "ஒரு டிரம்மை வெச்சுக்கிட்டு அஞ்சு பேர் என்ன பண்றது?" என்கிறார். லாரித் தண்ணீர் பிடிக்க எல்லா வீட்டிலும் இருப்பது 200 லிட்டர் டிரம்தான். அப்படியானால் இருநூறு. இதையும் செயலரிடம் கேட்டேன், ஆமாம் என்றார், ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு 200. வியாழனும் உறுதி. இரவு எட்டு மணிக்குக் குழுவில் ஒரு வரிச் செய்தி போய்விட்டது.

வடிகட்டியதில் 1:14-உம் கொஞ்சம் தெளிந்தது. "திரும்ப விட்டதும் முதல் அரை மணி தண்ணிய குடிக்காதீங்க, குளோரின் தூக்கலா இருக்கும், குழாயத் திறந்து வெளியே விட்டுடுங்க" என்கிறார். போகிற போக்கில் சொன்னது, தலைவர் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. முடிவு மட்டும்தான் என்றால் இதை விட வேண்டுமா?

---

கடைசி வீடு எழுதியது

கட்டாயம் வையுங்க! நான் கூட்டத்துக்குப் போக முடியாத ஆள். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குவேன். பலகை முன்னால் நிற்கும்போது எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம்: நான் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள் செய்யணும். தீர்மான எண், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் எல்லாம் எனக்கு எதுக்கு? பம்ப் பார்க்கிறவர் சொன்ன அந்த ஒரு வரி, முழுக் கூட்டத்திலும் என் வீட்டுக் குழந்தைக்கு வேண்டிய வரி.

இன்னொன்று. "வருகிற வியாழன்" என்று எழுதாதீங்க. நான் பலகையைப் பார்ப்பது வெள்ளிக்கிழமையா இருந்தா, அது எந்த வியாழன்?

---

பழைய எழுத்தர் எழுதியது

இவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நடவடிக்கைக் குறிப்புக்கு "சபை என்ன முடிவு செய்தது" என்பது அளவுகோல். அறிவிப்புக்கு "வராதவர் இதை அறியாவிட்டால் அவருக்கு என்ன கெடும்" என்பதும் சேர்ந்து அளவுகோல். குளோரின் வரி அதனால் உள்ளே வரும். அது தீர்மானம் அல்ல என்பதால் "மன்றம் முடிவு செய்தது" என்று எழுதாமல், செய்ய வேண்டியதாக நேராக எழுதுங்கள். அரை மணி என்பதை மட்டும் பம்ப் பார்ப்பவரிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

"வர்ற", "அடுத்த", "இன்னும் பதினஞ்சு நாள்ல" என்று வருவதையெல்லாம் தேதியாக்குங்கள். பதினைந்து நாள் என்பது பொல்லாதது. கூட்ட நாளைச் சேர்த்து எண்ணினால் ஒரு தேதி, விட்டு எண்ணினால் வேறு தேதி.

---

வரப்போரம் எழுதியது

அது எனக்கும் இருக்கிறது. பொது நிலத்தின் எல்லை வரைபடத்தை மன்றத்தில் வைத்திருக்கிறார்கள், பதினைந்து நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம் என்றார்கள். ஜூன் 7-ஐச் சேர்த்தால் 21, சனி. விட்டால் 22, ஞாயிறு, அலுவலகம் திறக்காது. செயலரிடம் கேட்டதும் தலைவரிடம் பேசிவிட்டு, ஜூன் 23 திங்கள் மாலை 5 மணி என்று எழுதச் சொன்னார்.

இப்போது பெரிய தலைவலி. நாற்பது நிமிடம் பொதுப்பாதை பற்றித்தான் பேச்சு. வயல் பக்கம் போகும் பாதையில் கனரக வண்டிகளைத் தடுப்பதா வேண்டாமா என்று. கூட்டத்திலேயே அதிக நேரம் போனது இதற்குத்தான், கடைசியில் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். என் நான்கு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் இதுதான். இரண்டு வரியில் முடித்தால் மறைத்துவிட்டதாகச் சொல்வார்கள். "பெரும்பாலோர் தடையை ஆதரித்தனர்" என்றாவது எழுதட்டுமா? பதிவைக் கேட்டால் அப்படித்தான் இருக்கிறது.

---

ஒலிக்கூடம் எழுதியது

அதை மட்டும் எழுதாதீங்க. கைப்பேசி மேசை நடுவில் இருந்ததுன்னு சொன்னீங்க. மேசையைச் சுத்தி உட்கார்ந்த அஞ்சாறு பேர் குரல்தான் பதிவில் பெரிசா விழும். பின் வரிசையில் இருபது பேர் எதிர்த்திருந்தாலும் அது வெறும் இரைச்சலாத்தான் கேட்கும். ஒலியோட அளவை வெச்சு ஆள் எண்ணிக்கை சொல்ல முடியாது.

---

பழைய எழுத்தர் எழுதியது

எண்ணிப் பார்க்காத கைக்கு எண்ணிக்கை கிடையாது. வாக்கெடுப்பு நடந்து, இத்தனை பேர் என்று தலைவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த எண்ணைப் போடலாம். இல்லையென்றால் "பெரும்பாலோர்", "ஒருமனதாக", "பலத்த எதிர்ப்புக்கிடையே" எல்லாமே எழுதுபவரின் தீர்ப்பு.

பேசிய நேரத்துக்கும் அறிவிப்பில் கொடுக்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒத்திவைத்ததை விட்டுவிடக் கூடாது. வராதவருக்கு அதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது: அடுத்த கூட்டத்துக்கு வந்து பேசலாம். எனவே மூன்று செய்திகள் போதும். என்ன கேள்வி பேசப்பட்டது, முடிவு எடுக்கவில்லை, எப்போது மறுபடி வருகிறது. இன்றைக்குப் பாதையில் வண்டி போகலாமா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "தடை பற்றிப் பேசினார்கள்" என்று மட்டும் படித்துவிட்டு, தடை வந்துவிட்டதாக நினைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள்.

---

மாடித்தோட்டம் எழுதியது

எங்கள் குடியிருப்போர் சங்கத்திலும் இதே பிரச்சினை. யார் என்ன பேசினார்கள் என்று பெயரோடு போடுவது எங்கள் வழக்கம். ஒருமுறை வண்டி நிறுத்தும் இடம் பற்றிய விவாதத்தில் ஒருவர் கோபத்தில் சொன்ன ஒரு வரி அப்படியே போய், இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அதிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம். எடுத்த பிறகு வேறு புகார்: "நான் எதிர்த்தேன் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும், ஏன் மறைத்தீர்கள்?"

---

கடைசி வீடு எழுதியது

பேசினவர் பெயர் இருந்தால்தானே நான் போய் அவரிடம் விவரம் கேட்க முடியும்? பாதை விஷயத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெரிஞ்சுக்க எனக்கு ஆசைதான். அதுவும் பொதுக்கூட்டத்தில் பேசினது, ரகசியமில்லையே.

---

பழைய எழுத்தர் எழுதியது

பொதுக்கூட்டத்தில் பேசியது என்பது உண்மை. ஆனால் அங்கே பேசியவர் எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார். அவருடைய பத்து நிமிடப் பேச்சில் ஒரு வரியை நாம் பொறுக்கிப் பலகையில் போடுகிறோம், அந்த வரியைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. என் கருத்து, அறிவிப்பில் பொறுப்பு இருப்பவரின் பதவி மட்டும் வரட்டும்: யாரிடம் போய்க் கேட்பது, யாரிடம் மனு கொடுப்பது. எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தால் அது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும்.

மாடித்தோட்டம் சொன்ன இரண்டாவது புகாருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சிறுபான்மையாக நின்றவருக்கு, தான் நின்றது தெரிய வேண்டும் என்ற ஆதங்கம் நியாயமானதுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன் தம்பி. வரி பாக்கி, உதவித்தொகை என்று தனி வீடுகளின் பெயர் வாசித்தார்களா?

---

வரப்போரம் எழுதியது

ஆமாம் ஐயா. தண்ணீர் வரி பாக்கி வைத்த வீடுகளின் பட்டியலை முழுதாக வாசித்தார்கள். என் நான்கு பக்கத்தில் அதுவும் இருக்கிறது.

---

பழைய எழுத்தர் எழுதியது

எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் ஒருமுறை காதில் விழுந்து கரைவது வேறு, வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்கில் கிடப்பது வேறு. "பாக்கி உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் செலுத்த வேண்டும்" என்பது முடிவாகியிருந்தால் அந்த வரி போதும். பாக்கி வைத்தவருக்குத் தன் பாக்கி தெரியும்.

---

சாட்சிக்கூண்டு எழுதியது

பட்டியலை விடுவது சரி. ஆனால் முழுப் பதிவை எங்கே, யாரிடம் கேட்டு வாங்கிக் கேட்கலாம் என்று அடியில் ஒரு வரி போடுங்கள். சுருக்கத்தில் நம்பிக்கை இல்லாதவர் மூலத்தைப் பார்க்க வழி இருக்க வேண்டும். நான் முதலில் சொன்னதன் உள்ளர்த்தம் அதுதான்.

---

வரப்போரம் எழுதியது (திங்கள், ஜூன் 9)

நல்ல யோசனை, சேர்த்துவிட்டேன். இதோ இப்போதைய வடிவம். நான்கு பக்கம் முக்கால் பக்கமாகிவிட்டது. எது முதலில் நடக்கிறதோ அது மேலே.

> கிராம மன்ற அறிவிப்பு – 7.6.2025 சனிக்கிழமைக் கூட்டம்
>
> தண்ணீர் வராத நாட்கள். ஜூன் 12 வியாழன் காலை 6 மணி முதல் ஜூன் 14 சனி மாலை 6 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, அடிவால்வை மாற்றுகிறார்கள். கூட்ட முடிவில் திங்கள் என்று வாசிக்கப்பட்டது தவறு. சபை ஏற்றது வியாழன்.
>
> இந்த மூன்று நாளும் காலை 6 முதல் 9 வரை மன்றக் கட்டடத்தின் முன்பும் மேலத்தெரு முனையிலும் லாரித் தண்ணீர் கிடைக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர்.
>
> தண்ணீர் திரும்ப வந்ததும் முதல் அரை மணி நேரம் குழாயைத் திறந்து வெளியே விடவும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். குளோரின் அதிகமாக இருக்கும்.
>
> நில எல்லை வரைபடம். பொது நிலத்தின் எல்லை வரைபடத்தை மன்ற அலுவலகத்தில் பார்க்கலாம். ஆட்சேபம் இருந்தால் ஜூன் 23 திங்கள் மாலை 5 மணிக்குள் செயலரிடம் எழுத்தில் கொடுக்கவும்.
>
> வயல் பாதை. கனரக வண்டிகளைத் தடுப்பது பற்றிப் பேசப்பட்டது. முடிவு எடுக்கப்படவில்லை; அடுத்த கூட்டத்தில் மீண்டும் வரும். அதுவரை பாதையில் எந்தத் தடையும் இல்லை.
>
> இது சுருக்கம் மட்டுமே. முழு ஒலிப்பதிவை மன்ற அலுவலகத்தில் கேட்கலாம்.

---

கடைசி வீடு எழுதியது

எனக்குப் புரிகிறது. ஒரே ஒரு கேள்வி, வால்வு புதன்கிழமை வந்து சேரலைன்னா?

---

பழைய எழுத்தர் எழுதியது

நல்ல கேள்வி. நிபந்தனையோடு எடுத்த முடிவை நிபந்தனையை வெட்டிவிட்டு எழுதுவது, சுருக்கும்போது சுலபமாக நேர்ந்துவிடும். "வால்வு புதன் வரும், அதனால் வியாழன்" என்றுதானே பேச்சு? "அதனால்" விட்டுப்போய் வியாழன் மட்டும் நிற்கிறது. வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று கூட்டத்தில் பேசியிருக்கிறார்களா?

---

வரப்போரம் எழுதியது

இல்லை. 1:12 முதல் 1:17 வரை மறுபடி கேட்டேன், அது பற்றிப் பேச்சே இல்லை.

---

பழைய எழுத்தர் எழுதியது

அப்படியானால் நீங்களாக ஒரு மாற்றுத் தேதி போட வேண்டாம். தலைவரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதுங்கள். அவரும் முடிவு செய்யவில்லையென்றால் "அடிவால்வு ஜூன் 11-க்குள் வந்தால்" என்று தொடக்கத்தில் சேர்த்து, மாற்றம் இருந்தால் எங்கே, எத்தனை மணிக்குத் தெரியும் என்பதை மட்டும் வாங்கிப் போடுங்கள்.

"வாசிக்கப்பட்டது தவறு" என்ற வரியைச் செயலர் படித்துவிட்டாரா? "திங்கள் என்று கேட்டவர்கள் வியாழன் எனத் திருத்திக்கொள்ளவும்" என்றால் வேலையும் நடக்கும், அவருக்கும் சங்கடம் இல்லை.

---

நேர்கோடு எழுதியது

பலகைக்குப் போடும்போது எழுத்தைப் பெரிசா வையுங்க. முக்கால் பக்கம்தானே, இன்னும் இடம் இருக்கு. படிக்க முடியாதவங்களுக்காக இதையே நிதானமா வாசிச்சுக் குரல் செய்தியாவும் குழுவில் போடலாம். ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

---

வரப்போரம் எழுதியது (புதன், ஜூன் 11, மாலை)

குரல் செய்தி திங்கள் இரவே போய்விட்டது. தலைவரிடம் கேட்டதில் "வால்வு வராவிட்டால் புதன் மாலை 5 மணிக்குள் பலகையிலும் குழுவிலும் சொல்வோம்" என்றார், அதையும் சேர்த்துத்தான் ஒட்டினோம். திருத்திய வரிக்குச் செயலரும் ஒப்புக்கொண்டார்.

இப்போது செய்தி: வால்வு வரவில்லை. வெள்ளி, ஜூன் 13-க்கு மாற்றிவிட்டார்கள். பழைய தாளில் தேதியை அடித்து எழுதட்டுமா, புதுத் தாள் ஒட்டட்டுமா?

---

பழைய எழுத்தர் எழுதியது

புதுத் தாள். பழையதைக் கிழித்து எடுத்துவிடுங்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. தலைப்பிலேயே "திருத்தம் – ஜூன் 11 மாலை" என்று பெரிதாக வரட்டும். தொடங்கும் நாள் மட்டும் மாறினால் போதாது, முடியும் நாளும் மாறுகிறது: ஜூன் 15 ஞாயிறு மாலை 6. லாரி அந்த ஞாயிறும் வருமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், அதை முதலில் பேசியது வேறு மூன்று நாளுக்கு. குழுவில் பழைய செய்தியை அழிக்க முடியாவிட்டால் அதற்கே பதிலாகத் திருத்தத்தைப் போடுங்கள், மேலே தேடுகிறவர் கண்ணில் இரண்டும் சேர்ந்து படும். குரல் செய்தியையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

---

வரப்போரம் எழுதியது

லாரிக்காரர் ஞாயிறு வர முடியாது என்கிறாராம். தலைவர் வேறு வண்டிக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். அது தெரியும் வரை "ஞாயிறு லாரி பற்றிப் பிறகு அறிவிக்கப்படும், வெள்ளி, சனி உறுதி" என்று போட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.

---

கடைசி வீடு எழுதியது

பார்த்தேன். ஞாயிறுக்கு இப்பவே ஒரு டிரம் கூடுதலாப் பிடிச்சு வெச்சுட்டேன்.